விற்பனை கூடிக்கொண்டிருந்தபோதே சரிந்த சந்தை: 1983 வீடியோ கேம் வீழ்ச்சி

1982 டிசம்பர் 7ஆம் தேதி பிற்பகல், அமெரிக்காவின் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வீடியோ கேம் தயாரிக்கும் தன்னுடைய துணை நிறுவனமான அடாரியின் விற்பனை, ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் முந்தைய ஆண்டைவிட 10 முதல் 15 சதவீதம் வரை கூடும் என்பதுதான் செய்தி. மறுநாள் வார்னரின் பங்கு விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோனது.

விற்பனை குறைந்துவிட்டது என்று அந்த அறிவிப்பில் எங்கும் இல்லை. கூடும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் சந்தை 50 சதவீத வளர்ச்சியை எதிர்பார்த்திருந்தது. எதிர்பார்த்தது பங்குச் சந்தை மட்டும் என்றால் இந்தக் கதை ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். தொழிற்சாலைகள், மொத்த வியாபாரிகள், பொம்மைக் கடைகள், புதிதாகக் களத்தில் குதித்த பல நிறுவனங்கள் என எல்லோருமே அந்த 50 சதவீதத்தை நம்பிச் சரக்கை வாங்கி அடுக்கிவிட்டார்கள். வந்த வளர்ச்சிக்கும் நம்பிய வளர்ச்சிக்கும் இடையில் இருந்த வித்தியாசம் முழுவதும் விற்காத விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ்களாகக் கிடங்குகளில் கிடந்தது. அமெரிக்காவில் வீட்டு வீடியோ கேம் சந்தை உச்சத்தில் ஆண்டுக்குச் சுமார் 320 கோடி டாலராக இருந்தது என்றும், 1985இல் அது 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது என்றும் பொதுவாகச் சொல்வார்கள்.

இந்தச் சரிவுக்குக் காரணம் கேட்டால் பலரும் சொல்லும் ஒற்றை வரிப் பதில், ‘ஈ.டி. என்ற மோசமான விளையாட்டு’. மோசமான விளையாட்டுகள் எல்லாக் காலத்திலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு விளையாட்டு எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அதனால் ஒரு நிறுவனம் நஷ்டப்படலாமே தவிர, ஒரு தொழிலே படுத்துவிடாது. அது எப்படிப் படுத்தது என்று புரிந்துகொள்ள, விளையாட்டின் தரத்தைவிடச் சரக்கு போன வழியைப் பார்ப்பதுதான் பயன் தரும்.

சிப்பில் பதித்த விளையாட்டு

1977இல் அடாரி தன் வி.சி.எஸ். கருவியை 199 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு 2600 என்று பெயர் மாற்றப்பட்ட கருவி இதுதான். இதைத் தொலைக்காட்சியோடு இணைத்து, மேலே உள்ள பொருத்துவாயில் ஒரு கார்ட்ரிட்ஜைச் செருகினால் விளையாட்டுத் தொடங்கிவிடும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறிய சர்க்யூட் பலகையும் ஒரு நினைவகச் சிப்பும்தான். தொடக்ககால விளையாட்டுகள் பலவும் 2 அல்லது 4 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டவை. இந்தக் கட்டுரையின் ஓரிரு பத்திகளைக் கணினியில் சேமித்தாலே 4 கிலோபைட் நிரம்பிவிடும்.

அந்தச் சிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. இன்றைய பென் டிரைவைப் போல அதில் எழுதி அழித்து மீண்டும் எழுத முடியாது. சிப் தயாராகும்போதே விளையாட்டின் நிரல் அதன் அமைப்பிலேயே பதிக்கப்பட்டுவிடும். மொத்தமாகச் செய்தால் விலை மலிவு. ஆனால் சிப் தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்துச் சரக்கு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். விற்கவில்லை என்றால் அந்தச் சிப்பை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

அமெரிக்காவில் பொம்மை வியாபாரம் என்பது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் வியாபாரம். எனவே நவம்பர், டிசம்பரில் எத்தனை விற்கும் என்பதைக் கோடையிலேயே ஊகித்து, அந்த எண்ணிக்கையில் சிப்புக்குச் சொல்லிவிட வேண்டும். குறைவாகச் சொன்னால் பண்டிகைக் காலத்தில் கடை காலி. கூடுதலாகச் சொன்னால் ஜனவரியில் மலைபோல் பிளாஸ்டிக். 1980, 1981 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடாரிக்கு முதல் வகைத் தலைவலிதான் இருந்தது. இரண்டாவது வகை அந்த ஆண்டுகளில் வரவில்லை.

பூட்டு இல்லாத கருவி

கருவியை விற்பதில் பெரிய லாபம் இல்லை. அதை வாங்கியவர் பிறகு ஆண்டு முழுவதும் வாங்கும் கார்ட்ரிட்ஜ்களில்தான் காசு. ஒரு கார்ட்ரிட்ஜைச் செய்யச் சில டாலர்கள் ஆகும். கடையில் அது 25 முதல் 40 டாலர் வரை விற்கும். இந்த லாபம் முழுவதும் அடாரிக்கே வந்துகொண்டிருந்ததற்குக் காரணம் மிக எளியது. வி.சி.எஸ்.ஸுக்கு விளையாட்டு எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் அடாரியில்தான் வேலை பார்த்தார்கள்.

1979இல் அடாரியின் விற்பனைப் பிரிவு, எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்று ஒரு பட்டியலைத் தயாரித்து நிரலாளர்களிடம் சுற்றுக்கு விட்டது. நன்றாக விற்பதைப் போலவே இன்னும் எழுதுங்கள் என்று சொல்வதற்காக. டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லன் ஆகிய நால்வர் அந்தப் பட்டியலை வேறு விதமாகப் படித்தார்கள். முந்தைய ஆண்டின் சுமார் 10 கோடி டாலர் கார்ட்ரிட்ஜ் விற்பனையில் 60 சதவீதம் தாங்கள் நால்வரும் எழுதியவற்றிலிருந்து வந்திருப்பதாகக் கணக்குப் பார்த்தார்கள். அவர்களுடைய சம்பளமோ ஆண்டுக்கு 30,000 டாலருக்குள். கார்ட்ரிட்ஜ் உறையில் பெயர்கூடக் கிடையாது. தலைமை அதிகாரி ரே கசாரிடம் போய்ப் பங்கு கேட்டபோது, கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் அடைக்கும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமானவர்கள் இல்லை என்ற தொனியில் பதில் வந்ததாகக் கிரேன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கசார் ஜவுளித் துறையிலிருந்து வந்தவர். துணிக்கு வடிவம் வரைபவரின் பெயரைத் துணியில் போடுவதில்லையே என்பது அவருடைய கணக்காக இருந்திருக்கலாம்.

நால்வரும் வெளியேறி, ஜிம் லெவி என்பவரோடு சேர்ந்து ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடாரியின் கருவிக்கு அடாரி அல்லாத ஒருவர் விளையாட்டு விற்பது அதுவே முதல் முறை. அடாரி வழக்குப் போட்டது. 1982இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது: ஆக்டிவிஷன் அடாரிக்கு ஒரு ராயல்டி தரும், விற்பனையைத் தொடரும்.

நியாயம் நால்வர் பக்கம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அந்தச் சமரசம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. வி.சி.எஸ். கருவியில் எந்தப் பூட்டும் இல்லை. செருகப்பட்ட கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று அது கேட்பதில்லை. சிப்பில் இருக்கும் நிரலை அப்படியே இயக்கும். கருவியைப் பிரித்துப் பார்த்து, அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்ட எவரும் விளையாட்டு எழுதலாம், அடித்து விற்கலாம். இப்போது சட்டமும் தடுக்காது என்று தெரிந்துவிட்டது.

கூட்டம் சேர்ந்தது. இமேஜிக், பார்க்கர் பிரதர்ஸ் போன்ற திறமையானவர்கள் வந்தார்கள். திரைப்பட நிறுவனமான டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வந்தது. ஓட்ஸ் விற்கும் குவாக்கர் ஓட்ஸ் வந்தது. நாய் உணவு நிறுவனமான பியூரினா தன் விளம்பரத்துக்காக ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் பல் பாதுகாப்பைப் பற்றி ஒன்று வெளியிட்டது. வி.சி.எஸ்.ஸின் இயங்கு நினைவகம் வெறும் 128 பைட். திரையில் ஒவ்வொரு கோடாக நேரம் பார்த்துப் படம் வரைய வேண்டும். அந்த வித்தை தெரிந்தவர்கள் நாட்டிலேயே சொற்பம். தெரியாதவர்களை வைத்து அவசரமாக எழுதிய விளையாட்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தரம் குறைந்ததைவிட எண்ணிக்கை கூடியதுதான் பெரிய ஆபத்து. இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும், அதே கிறிஸ்துமஸுக்கு, அதே கடைகளின் அலமாரியை நம்பித் தனித்தனியாகச் சிப்புக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தன. அடுத்தவர் எவ்வளவு அடிக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இல்லாத தேவைக்கு எழுந்த ஆர்டர்கள்

எனக்குத் தெரிந்தவரை இந்தக் கதையின் முதுகெலும்பு இந்தப் பகுதிதான். மேலோட்டமான விளக்கங்களில் இது வருவதே இல்லை.

1980இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற விளையாட்டு வி.சி.எஸ்.ஸுக்கு வந்த பிறகு, அடாரியின் சரக்குக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மொத்த வியாபாரி கேட்ட அளவு வராது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு வியாபாரிக்கு 1,000 கார்ட்ரிட்ஜ் தேவை, வருவதோ 500. அடுத்த முறை அவர் என்ன செய்வார்? 2,000 என்று எழுதுவார், அப்போதுதான் 1,000 வரும். பக்கத்து ஊர் வியாபாரியும் அதையே செய்வார். அடாரியின் கணக்குப் புத்தகத்தில் தேவை இரண்டு மடங்காகியிருக்கும். வாங்கும் குடும்பங்களின் எண்ணிக்கையோ மாறியிருக்காது.

1981 அக்டோபரில் அடாரி தன் மொத்த வியாபாரிகளிடம், 1982ஆம் ஆண்டு முழுவதற்கும் தேவையான ஆர்டரை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டது. தட்டுப்பாட்டைத் தீர்க்க உற்பத்தியைத் திட்டமிடுவது நோக்கம். காகிதத்தில் பார்த்தால் சரியான யோசனைதான். வியாபாரிகளின் இடத்தில் இருந்து பார்த்தால், ஓர் ஆண்டுச் சரக்கை முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்னதில் பாதிதான் வரும், பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். எல்லோரும் ஊதிப் பெருக்கிய எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். அடாரி அதைத் தேவை என்றே எடுத்துக்கொண்டு உற்பத்தியைத் திட்டமிட்டது.

1982இல் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. அடாரி கூடுதலாக உற்பத்தி செய்ததால், கேட்ட சரக்கு முழுவதும் வரத் தொடங்கியது. போட்டியாளர்களின் கார்ட்ரிட்ஜ்களும் வந்து குவிந்தன. 1,000 மட்டுமே விற்கக்கூடிய நம் வியாபாரியின் வாசலில் இப்போது அடாரியிடமிருந்து 2,000, மற்றவர்களிடமிருந்து இன்னும் சில நூறுகள். அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: மீதமுள்ள ஆர்டரை ரத்து செய்வது. இலையுதிர் காலத்தில் ரத்துகள் வரத் தொடங்கின. டிசம்பர் 7 அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது இதுதான். மக்கள் திடீரென விளையாடுவதை நிறுத்தவில்லை. முன்பே எழுதப்பட்டிருந்த பொய் எண்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன.

பேக்-மேனும் ஈ.டி.யும்

இந்தப் பின்னணியில் அந்த இரண்டு புகழ்பெற்ற தோல்விகளைப் பார்த்தால், அவை வேறு மாதிரித் தெரியும்.

1982 வசந்த காலத்தில் வி.சி.எஸ்.ஸுக்கு வந்த பேக்-மேன், காசு போட்டு விளையாடும் கூடங்களில் மக்கள் பார்த்துப் பழகிய பேக்-மேன் போல இல்லை. டாட் ஃப்ரை என்ற நிரலாளர் அதை 4 கிலோபைட்டுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. துரத்தும் நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் வரையக் கருவியால் முடியவில்லை. எனவே அவை மாறி மாறி வரையப்பட்டு, திரையில் மினுக்மினுக்கென்று துடித்தன. ஆனாலும் அது 70 லட்சத்துக்கும் மேல் விற்றது. வி.சி.எஸ். விளையாட்டுகளிலேயே அதிகம் விற்றது அதுதான். அப்படியானால் தோல்வி எங்கே? அடாரி தயாரித்தது சுமார் 1 கோடியே 20 லட்சம். அப்போது வீடுகளில் இருந்த வி.சி.எஸ். கருவிகளே ஏறத்தாழ 1 கோடிதான் என்பார்கள். பேக்-மேனுக்காகவே புதிதாகப் பலர் கருவி வாங்குவார்கள் என்பது கணக்கு. வரலாறு காணாத விற்பனையைச் சாதித்த ஒரு விளையாட்டு, பல லட்சம் கார்ட்ரிட்ஜ்களைக் கிடங்கில் தேங்கவிட்டது.

ஈ.டி. அதைவிட அவசரமான கதை. ஈ.டி. என்ற ஹாலிவுட் படம் 1982 ஜூனில் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. அதை விளையாட்டாக்கும் உரிமைக்கான பேச்சு ஜூலை கடைசியில்தான் முடிந்தது. உரிமத் தொகை 2 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. கிறிஸ்துமஸுக்குள் கார்ட்ரிட்ஜ் கடைக்கு வர வேண்டும். சிப் தயாரிப்புக்கான வாரங்களைப் பின்னோக்கி எண்ணினால், செப்டம்பர் முதல் தேதிக்குள் நிரல் முடிந்திருக்க வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். ஒரு விளையாட்டுக்கு வழக்கமாக ஆறு மாதம் போல ஆகும். வார்ஷா சாதாரண ஆள் இல்லை. யார்ஸ் ரிவெஞ்ச் என்ற அருமையான விளையாட்டை எழுதியவர். ஐந்து வாரத்தில் ஒரு முழு விளையாட்டை முடித்தே காட்டினார். ஆனால் அதைச் சிறுவர்களிடம் கொடுத்து விளையாடவிட்டு, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்த நேரம் இல்லை. விளைவாக, ஈ.டி. அடிக்கடி குழிக்குள் விழுந்துகொண்டே இருக்கும். மேலே ஏறினால் மறுபடியும் விழும். வாங்கியவர்கள் எரிச்சலடைந்தார்கள்.

ஈ.டி. கார்ட்ரிட்ஜ்கள் சுமார் 40 லட்சம் தயாரிக்கப்பட்டன என்பது பொதுவான மதிப்பீடு. சுமார் 15 லட்சம் விற்றது. இன்னொரு நிறுவனத்துக்கு 15 லட்சம் என்பது கொண்டாட வேண்டிய விற்பனை. உரிமத் தொகையை ஈடுகட்டவே பல லட்சம் விற்றாக வேண்டும் என்ற நிலை இருந்ததால்தான் 40 லட்சம் அடித்தார்கள். ஐந்து வாரத்தில் எழுதியதுகூட இரண்டாவது தவறுதான். முதல் தவறு அந்தக் கணக்கு.

கடை அலமாரியில் நடந்தது

இவ்வளவும் நடந்தாலும் அது ஒரு மோசமான ஆண்டு என்ற அளவில் நின்றிருக்கலாம். மோசமான ஆண்டைப் பேரழிவாக மாற்றியது சில்லறைக் கடை.

பொம்மை வியாபாரத்தில் விற்காத சரக்கைத் தயாரிப்பாளரிடமே திருப்பி அனுப்புவது அல்லது அதற்குப் பதில் புதுச் சரக்கு வாங்கிக்கொள்வது கடைக்காரர்களுக்குப் பழக்கமான ஏற்பாடு. 1982 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கடைகள் விற்காத கார்ட்ரிட்ஜ்களைத் திருப்பி அனுப்ப முயன்றன. சிறிய நிறுவனங்களிடம் திருப்பித் தரப் பணம் இல்லை. எல்லாம் சிப்பிலும் பிளாஸ்டிக்கிலும் விளம்பரத்திலும் போய்விட்டது. மாற்றிக் கொடுக்கப் புதிய விளையாட்டும் இல்லை. அவை கடையை மூடின. குவாக்கர் ஓட்ஸ் தன் விளையாட்டுப் பிரிவை 1983இல் மூடியது. டேட்டா ஏஜ் போன்ற நிறுவனங்கள் திவாலாகின. பங்கு வெளியிடத் தயாராக இருந்த இமேஜிக், வார்னரின் அறிவிப்புக்குப் பிறகு அந்த எண்ணத்தையே கைவிட வேண்டியதாயிற்று.

திருப்பி அனுப்ப முகவரியே இல்லாத சரக்கை வைத்துக்கொண்டு கடைக்காரர் என்ன செய்வார்? அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார். 30, 35 டாலருக்கு விற்ற கார்ட்ரிட்ஜ்கள் 5 டாலர் அட்டையோடு வாசலருகே தொட்டிகளில் கொட்டப்பட்டன.

இப்போது அந்தக் கடைக்குள் ஒரு தாய் மகனோடு வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். கையில் 35 டாலர் வைத்திருக்கிறார். அலமாரியில் ஆக்டிவிஷனின் புதிய விளையாட்டு 35 டாலர். தொட்டியில் அதே கருவிக்கான விளையாட்டுகள் 5 டாலர். அந்தப் பணத்துக்கு ஏழு வாங்கலாம். உறைப் படங்கள் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கின்றன. எது நல்லது என்று சொல்ல அவருக்கு யாருமில்லை. அவர் தொட்டியை நோக்கித்தான் போவார். வீட்டுக்குப் போய் விளையாடிப் பார்த்த மகனுக்கு அந்த ஏழில் ஐந்து பிடிக்காது. அடுத்த மாதம் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

நல்ல விளையாட்டுக்கும் மட்டமான விளையாட்டுக்கும் விலையில் இருந்த வேறுபாடு இப்படி மறைந்தது. திவாலான நிறுவனத்தின் சரக்கு, திவாலாகாத நிறுவனத்தின் விலையைக் கீழே இழுத்தது. 5 டாலருக்கு விற்றால் ஆக்டிவிஷனால் நிரலாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 35 டாலருக்கு வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். பிட்ஃபால் என்ற விளையாட்டை 40 லட்சம் வரை விற்ற நிறுவனம்கூட அடுத்த ஆண்டுகளில் ஆட்களைக் குறைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: வீடியோ கேம் என்பது வந்து போன ஒரு மோகம், இனி அந்த அலமாரியில் வேறு பொம்மை வைக்கலாம். அலமாரி போனபின் யார் எவ்வளவு நல்ல விளையாட்டை எழுதினாலும் விற்க இடமில்லை.

வீட்டுக் கணினியின் பங்கு

இதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து ஓர் இடி. கொமடோர் நிறுவனம் 1982இல் கொமடோர் 64 கணினியை 595 டாலருக்கு விற்கத் தொடங்கி, 1983இல் விலையைச் சடசடவென்று குறைத்தது. பழைய விளையாட்டுக் கருவியையோ கணினியையோ கொண்டுவந்து கொடுத்தால் 100 டாலர் தள்ளுபடி என்றும் அறிவித்தது. சிப் தயாரிக்கும் மாஸ் டெக்னாலஜி கொமடோரின் கையிலேயே இருந்ததால் அதற்கு இந்த விலை கட்டுபடியானது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்த விலைப்போரில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1983 அக்டோபரில் வீட்டுக் கணினியையே கைவிட்டது. பிள்ளை படிக்கவும் ஆகும், விளையாடவும் ஆகும் என்ற விளம்பரத்துக்கு முன்னால், விளையாட மட்டுமே பயன்படும் பெட்டி பெற்றோருக்கு வீண் செலவாகத் தெரிந்தது. கணினிகளின் பங்கு உண்மையானதுதான்; ஆனால் தேங்கிய சரக்கு ஏற்படுத்திய காயத்தின் மேல் விழுந்த அடி அது என்பதே என் மதிப்பீடு.

கணினியில் விளையாட்டுகள் தொடர்ந்து விற்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு விளையாட்டு எழுதியவர்கள், அமெரிக்காவில் நடந்ததைத் தூரத்துச் செய்தியாகத்தான் படித்திருப்பார்கள். அங்கே விளையாட்டுகள் கேசட்டில் வந்தன; விற்க விற்கப் பதிவு செய்துகொள்ளலாம், சில பவுன்டுகளுக்கு விற்கலாம், மாதக்கணக்கில் முன்கூட்டி ஊகிக்க வேண்டியதில்லை. ஜப்பானில் நின்டெண்டோ தன் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியை வெளியிட்டதே 1983 ஜூலையில்தான். ‘உலக வீடியோ கேம் சரிவு’ என்று எழுதுபவர்கள் அமெரிக்காவையே உலகம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

பாலைவனக் குழி சொன்ன சாட்சி

1983 செப்டம்பரில் அடாரி, டெக்சாஸின் எல் பாசோ கிடங்கிலிருந்து லாரிகளில் சரக்கை ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்து, மேலே கான்கிரீட்டும் போட்டது. விற்காத ஈ.டி. அனைத்தும் அங்கேதான் புதைக்கப்பட்டன என்ற கதை முப்பது ஆண்டுகள் உலாவியது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டினார்கள். சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்கள் வெளியே எடுக்கப்பட்டன. ஈ.டி. அவற்றில் ஒரு சிறு பங்குதான். சென்டிபீட், ஆஸ்டிராய்ட்ஸ், மிசைல் கமாண்ட், பேக்-மேன், வார்ஷாவின் யார்ஸ் ரிவெஞ்ச் என நன்றாக விற்ற, மக்கள் விரும்பிய விளையாட்டுகளும் அந்தக் குழியில் கிடந்தன. அந்தப் புதைப்புக்குப் பொறுப்பாக இருந்த அடாரி மேலாளர், மொத்தம் சுமார் 7,28,000 கார்ட்ரிட்ஜ்கள் அங்கே கொட்டப்பட்டன என்றார். மோசமான விளையாட்டுதான் காரணம் என்றால், நல்ல விளையாட்டுகள் அங்கே எதற்கு?

அடாரி 1983இல் இழந்தது 50 கோடி டாலருக்கும் மேல். பொம்மை நிறுவனமான மாட்டெல் தன் இன்டெலிவிஷன் விளையாட்டுக் கருவிப் பிரிவை 1984 தொடக்கத்தில் மூடியது. 1984 ஜூலையில் வார்னர், அடாரியின் வீட்டுக் கருவிப் பிரிவை ஜாக் டிராமியெலிடம் விற்றது. விலைப்போரைத் தொடங்கிய கொமடோரை நடத்தியவர் அவர்தான். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அங்கிருந்து வெளியேறியிருந்தார்.

1985 அக்டோபரில் நின்டெண்டோ நியூயார்க் நகரில் தன் என்.ஈ.எஸ். கருவியைச் சோதனையாக விற்க வந்தபோது, கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள். விற்றதற்கு மட்டும் பணம் கொடுங்கள், மீதியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் நின்டெண்டோ அலமாரியில் இடம் பிடித்தது. மற்ற நிறுவனங்களோடு அது போட்ட ஒப்பந்தம் இதற்கு நேர் எதிர். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. கார்ட்ரிட்ஜை நின்டெண்டோதான் தயாரிக்கும். குறைந்தபட்ச எண்ணிக்கைக்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காவிட்டால் அது வெளியிட்டவர் பாடு. கருவிக்குள் ஒரு பூட்டுச் சிப் இருந்தது. கார்ட்ரிட்ஜில் அதன் ஜோடிச் சிப் இல்லை என்றால் விளையாட்டு ஓடாது. பலர் இதை அடாவடி என்று திட்டினார்கள்; திட்டியதில் நியாயமும் இருந்தது.

அந்தப் பூட்டை உடைக்க முயன்றவர்களில் ஒருவர் அடாரி கேம்ஸ், அதாவது டிராமியெலிடம் போகாமல் தனியே பிரிந்த பழைய அடாரியின் விளையாட்டுக்கூடக் கருவிப் பிரிவு. பூட்டுச் சிப்பின் நிரலைப் பொய்க் காரணம் சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து வாங்கி, டெங்கன் என்ற பெயரில் அனுமதியில்லாக் கார்ட்ரிட்ஜ்களை வெளியிட்டது. நின்டெண்டோ நீதிமன்றத்துக்குப் போனது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அடாரி கேம்ஸுக்கு எதிராகவே நின்றது.